ரத்தம் எங்கே போனது? 900 கிராம் குழந்தையின் ஏழு நாள் கணக்கு

எட்டாம் நாள் காலை ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. பிறந்த அன்று அது 15.5. குழந்தை இன்னும் வென்டிலேட்டரில் இருந்தது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 175-க்குக் கீழே இறங்கவில்லை. முந்தைய நாள் 30 சதவீத ஆக்சிஜனில் சமாளித்த குழந்தைக்கு இப்போது 38 தேவைப்பட்டது. ரத்தம் ஏற்ற ஒப்புதல் வாங்க அப்பாவைக் கூப்பிட்டேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "எங்கேயாவது ரத்தம் போயிட்டிருக்கா டாக்டர்?"

"குறைமாசக் குழந்தைங்களுக்கு இது வழக்கம்தான்" என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கள் ஆய்வகச் சீட்டுகளில் இருந்தது.

இங்கே எழுதுவது தனி ஒரு குழந்தையின் கதை அல்ல. ஒரே மாதிரியான சில பதிவுகளைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒன்றாக்கியிருக்கிறேன். அளவுகள் ஒரு பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் நடப்பவை.

பிறப்பும் முதல் வாரமும்

27 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, எடை 900 கிராம். பிறந்ததும் மூச்சு சரியாக வராததால் தொப்புள்கொடியை உடனே வெட்டிக் குழந்தையை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சுக்குழாய் வைத்து, நுரையீரல் சுருங்காமல் இருக்கச் சர்ஃபேக்டன்ட் மருந்து கொடுத்து, தொப்புள் தமனியில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டோம். நஞ்சுக்கொடி வாளிக்குள் போனது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவோம்.

முதல் நாள், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு 1 மி.லி., முழு ரத்த எண்ணிக்கைக்கு அரை மி.லி., ரத்த வகைக்கும் பொருத்தம் பார்க்கவும் 1 மி.லி., கிருமித்தொற்றில் ஏறும் சி.ஆர்.பி. புரதமும் உயிர்வேதியியலும் சேர்த்து 1 மி.லி. எடுத்தோம். ரத்தத்தின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் ரத்த வாயுச் சோதனையை ஐந்து முறை பார்த்ததில், ஒவ்வொரு முறையும் 0.3 வீதம் ஒன்றரை மி.லி. ஆனது. அன்றைய மொத்தம் 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன்.

இந்த ஒரு டீஸ்பூனை எதோடு ஒப்பிடுவது? குறைமாதக் குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 90 மி.லி. ரத்தம் இருக்கும். ஆகவே இந்தக் குழந்தையிடம் இருந்தது மொத்தம் 81 மி.லி., சின்னத் தேநீர்க் குவளை அளவு. அதில் 1 மி.லி. எடுப்பது, 5 லிட்டர் ரத்தம் உள்ள பெரியவரிடம் 60 மி.லி.க்கு மேல் எடுப்பதற்குச் சமம். முதல் நாள் எடுத்த 5 மி.லி. பெரியவர் கணக்கில் 300 மி.லி.க்குச் சற்று மேல். முகாம்களில் ஒரு யூனிட் தானமாக எடுப்பது 350 மி.லி. அந்தத் தானம் கொடுத்த ஆணை மறுபடி 90 நாள் கழித்துத்தான் வரச் சொல்வார்கள். இவளிடம் மறுநாள் காலை 6 மணிக்கே அடுத்த ஊசி போனது.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் தினமும் நான்கு ரத்த வாயு, உப்புகள், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், ரத்த எண்ணிக்கை என்று நாளுக்கு 3 மி.லி. போனது. நான்கிலிருந்து ஏழாம் நாள்வரை வாயு இரண்டாகக் குறைந்ததால் நாளுக்கு 1.4 மி.லி. ஐந்தாம் நாள் கிருமித்தொற்று சந்தேகம் வந்தது. மறுபடி கல்ச்சர், ரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி., அத்துடன் ரத்த உறைதல் சோதனைக்குப் பெரியவர்களுக்கான நீலமூடிக் குழாயில் 1.8 மி.லி. 'மாதிரி உறைந்துவிட்டது, திரும்ப அனுப்பவும்' என்று ஆய்வகத்திலிருந்து சொன்னார்கள். இன்னொரு 1.8 போனது. அந்த ஒரு நாளில் மட்டும் வழக்கத்துக்கு மேல் 5.6 மி.லி.

எல்லாம் கூட்டினால் 22.2 மி.லி. இது நாங்கள் கேட்ட அளவு.

வேறு காரணம் இருந்ததா?

ரத்தசோகை என்றதும் குற்றத்தை ஊசி மேலேயே போட்டுவிடக் கூடாது. 27 வாரக் குழந்தைக்கு மூளையின் அறைகளுக்குள் ரத்தம் கசிவது அரிதல்ல. ஹீமோகுளோபின் ஒரே நாளில் சட்டென்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இவளுக்கு மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் தலையை அல்ட்ராசவுண்டில் பார்த்தோம், கசிவு இல்லை. அதற்கு ரத்தமும் தேவைப்படவில்லை. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தால் பிலிருபின் வேகமாக ஏறும். இவளுக்கு ஒளிச்சிகிச்சையில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. தாய், சேய் இருவருக்கும் ஒரே ரத்த வகை. மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டின் எண்ணிக்கையையும், நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சையும், ரத்த எண்ணிக்கைக்காகக் காலையில் ஏற்கெனவே போயிருந்த இடிடிஏ குழாயிலேயே பார்க்கச் சொன்னோம். ரத்தசோகைக்குக் காரணம் தேடப் போய் இன்னொரு 2 மி.லி. எடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன்.

ரெட்டிகுலோசைட் மிகக் குறைவாக இருந்தது. ரத்தம் இழந்த பெரியவருக்கு ஒரு வாரத்தில் இந்த எண்ணிக்கை துள்ளி ஏறியிருக்கும். இவளுக்கு ஏறவில்லை.

காரணம் எரித்ரோபொய்டின். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யத் தூண்டும் இந்த ஹார்மோனைப் பெரியவர்களுக்குச் சிறுநீரகம் சுரக்கிறது. கருவில் அந்த வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. கல்லீரலின் உணர்வு மந்தமானது, ஆக்சிஜன் குறைந்தாலும் சிறுநீரகம்போல உடனே பதறாது. கருப்பையின் குறைந்த ஆக்சிஜனில் வாழப் பழகிய உடலுக்கு அந்த மந்தம் பொருத்தம்தான். வெளியே வந்ததும் ஆக்சிஜன் அளவு ஏறுகிறது, இருந்த கொஞ்சம் தூண்டுதலும் அடங்கிவிடுகிறது. 27 வாரத்தில் பிறந்தாலும் உடல் இன்னும் கருவின் கல்லீரலைத்தான் நம்பியிருக்கிறது. போதாததற்கு, நம் சிவப்பணுக்கள் 120 நாள் வாழும்போது குறைமாதக் குழந்தையின் சிவப்பணுக்கள் 35 முதல் 50 நாள்தான் வாழ்கின்றன. வரவு கிட்டத்தட்ட நின்றுபோன வீட்டில் செலவு இரட்டிப்பானதுபோல.

ஆகவே ஊசி குத்தாமலே விட்டாலும் குறைமாதக் குழந்தையின் ஹீமோகுளோபின் ஒன்று, இரண்டு மாதத்தில் இறங்கத்தான் செய்யும். அப்பாவிடம் நான் சொன்ன பாதி அதுதான். ஆனால் அந்த இறக்கம் வாரக்கணக்கில் மெதுவாக நடப்பது. எட்டாம் நாளே 9.8-க்கு வர வேறு ஏதோ வேண்டும்.

சீட்டில் இல்லாத ரத்தம்

கேட்ட அளவு 22.2. எடுத்த அளவு எவ்வளவு?

2000-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகக் குழு ஒன்று பச்சிளங்குழந்தைப் பிரிவில் இதை அளந்து வெளியிட்டது. ஆய்வகம் கேட்டதைவிடச் சராசரியாக 19 சதவீதம் அதிகமாக எடுக்கப்பட்டிருந்தது. குழாயில் 'இதுவரை' என்று கோடு இல்லாதது ஒரு காரணம். உடல்நிலை மோசமான, எடை குறைந்த குழந்தைகளிடம்தான் கூடுதலாக எடுக்கப்பட்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அதன் மனநிலை புரிகிறது. மோசமாக இருக்கும் குழந்தையின் மாதிரி போதவில்லை என்று திரும்பிவிடக் கூடாதே என்ற பயத்தில் கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடும். நாங்களும் காலிக் குழாயை எடைபோட்டு, நிரப்பியபின் மறுபடி எடைபோட்டுப் பார்த்தோம். 0.5 கேட்ட இடத்தில் 0.6, 0.65 என்று இருந்தது.

19 சதவீதம் என்று வைத்தால் 22.2 மி.லி. 26.4 ஆகிறது.

இன்னொரு கசிவு கதீட்டரில். அதிலிருந்து மாதிரி எடுக்கும் முன் குழாயில் நிற்கும் திரவத்தைச் சற்று இழுத்து ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையில் நாம் ஏற்றும் குளுக்கோஸ்தான் தெரியும். அப்படி இழுக்கும்போது ரத்தமும் கலந்து வரும். மாதிரி எடுத்ததும் அதைச் சுத்தமாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். விசாரித்தபோது மூத்த சிஸ்டர் தயங்காமல் சொன்னார்: "நான் திருப்பிக் கொடுத்துடுவேன் டாக்டர். நைட்ல சில பேர் இன்ஃபெக்ஷன் ஆகிடும்னு கொட்டிடறாங்க. எழுதி வெச்ச ரூல் ஒண்ணும் இல்லையே." குறைந்தது ஆறு முறை, அரை மி.லி. வீதம் 3 மி.லி. குப்பைக்குப் போயிருந்தது. குதிகாலில் குத்திய இடத்தில் பஞ்சு உறிஞ்சியதை யாரும் அளக்கவில்லை.

ஆக, 29.4 மி.லி. அவளது ரத்தத்தில் 36 சதவீதம். பெரியவர் கணக்கில் ஒரே வாரத்தில் 1.8 லிட்டர், ஐந்து ரத்ததானம்.

இந்தக் கணக்கு ஹீமோகுளோபினோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 36 சதவீதம் எடுத்தால் ஹீமோகுளோபினும் 36 சதவீதம் விழாது. எடுத்த இடத்தை ஊடுதிரவமும் நாம் ஏற்றும் திரவமும் நிரப்புவதால், அடுத்தடுத்து எடுக்கும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப்போகிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 70 சதவீதம் மிஞ்சும். 15.5-இல் 70 சதவீதம் 10.8. ஏழு நாளில் தானாக அழிந்த அணுக்களையும் கழித்தால் 9.8 என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ரத்தம் போன இடம் ஆய்வகக் குழாய்.

அன்று மாலை 13.5 மி.லி. சிவப்பணு ஏற்றினோம், கிலோவுக்கு 15 வீதம். இரண்டாம் வாரத்தில் மூச்சு உதவியில் இருக்கும் குழந்தைக்கு 10-க்குக் கீழே போனால் ஏற்றலாம் என்பது 'டாப்' ஆய்வின் குறைந்த வரம்பு. 2020-இல் வெளியான அந்த ஆய்வில் 1,824 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உயர்ந்த வரம்பிலும் மறு பாதிக்குக் குறைந்த வரம்பிலும் ரத்தம் ஏற்றினார்கள். இறப்பிலும், இரண்டு வயதை ஒட்டிப் பார்த்த மூளை வளர்ச்சிக் குறைபாட்டிலும் வித்தியாசம் இல்லை. அதனால்தான் 9.8 வரை காத்திருந்தோம். ஏற்றிய மறுநாள் காலை, யாரோ வழக்கப்படி 'ரத்தம் ஏற்றியபின் ஹீமோகுளோபின்' என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு அரை மி.லி.

எவ்வளவு எடுக்கலாம்?

ஆராய்ச்சிக்காக எடுக்கும் ரத்தத்துக்குத் தெளிவான வரம்புகள் உண்டு. ஐரோப்பிய மருந்து ஆணையத்தின் வழிகாட்டுதலில், ஒரே நேரத்தில் மொத்த ரத்தத்தில் 1 சதவீதம், நான்கு வாரத்தில் 3 சதவீதம் தாண்டக் கூடாது. அமெரிக்க விதியில், துரித ஒப்புதலுக்குப் போகும் ஆய்வுகளில் குழந்தையிடம் எட்டு வாரத்தில் கிலோவுக்கு 3 மி.லி. அல்லது 50 மி.லி., இதில் எது குறைவோ அதுதான் எல்லை. இந்தக் குழந்தைக்கு ஐரோப்பியக் கணக்கில் நான்கு வாரத்துக்கே 2.4 மி.லி. முதல் நாள் மதியத்துக்குள் அதைத் தாண்டியிருந்தோம். சிகிச்சைக்காக எடுக்கும் ரத்தத்துக்கு இந்த வரம்புகள் பொருந்தாது, பொருத்தவும் முடியாது. அதனால் அந்தந்தப் பிரிவு தனக்கென ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் வைத்தது ஒரு தாள். எடுத்த மி.லி., திருப்பிக் கொடுக்காத மி.லி., இதுவரை மொத்தம், அது ரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று நான்கு கட்டங்கள். 10 சதவீதம் தொட்டால் அடுத்த சோதனையை எழுதும் டாக்டர் காரணத்தையும் எழுத வேண்டும். தாளைவிட அதிக வேலை ஆய்வகத்தோடு பேசியதில்தான் இருந்தது.

உப்புகள் பார்க்க ஏன் ஒரு மி.லி. கேட்கிறார்கள்? இயந்திரம் ஒரு சோதனைக்கு உறிஞ்சுவது சுமார் 10 மைக்ரோலிட்டர் சீரம். ஆறு சோதனைக்கு 60. ஊசிமுனை எட்டாமல் கிண்ணத்தின் அடியில் தங்கும் 'செத்த அளவு' ஒரு 50 என்று வைத்தால் மொத்தம் 110. இவளைப் போன்ற குழந்தைக்கு ரத்தத்தில் பாதி சிவப்பணு, மீதியிலும் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க முடியாது. 10 பங்கு ரத்தத்தில் 4 பங்கு சீரம் கிடைத்தால் நல்லது. அப்படியானால் 0.3 மி.லி.க்குள் வேலை முடிகிறது. மீதி முழுவதும் பழக்கம். இன்னொன்று: காலையில் உப்பு, மதியம் பிலிருபின், மாலை சி.ஆர்.பி. என்று மூன்று குழாய் அனுப்பினால் செத்த அளவையும் மூன்று முறை கொடுக்கிறோம். ஒரே குழாயில் சேர்த்துக் கேட்டால் ஒரு முறைதான்.

அப்புறம், வாளிக்குள் போன நஞ்சுக்கொடி. கொடியை வெட்டியபின் நஞ்சுக்கொடிப் பக்கம் நிற்கும் ரத்தம் குழந்தையுடையதுதான். கொடியின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து அதிலிருந்து எடுத்தால் முதல் நாளின் கல்ச்சர், ரத்த எண்ணிக்கை, ரத்த வகை, உயிர்வேதியியல் எல்லாம் குழந்தையைத் தொடாமலே முடிந்துவிடும். இவளுக்கு 3.5 மி.லி. மிச்சமாகியிருக்கும். குழந்தை அழுது மூச்சுவிட்டால் கொடியை 30 முதல் 60 விநாடி தாமதித்து வெட்டுவது அதைவிடப் பெரிய வரவு. அது இவளுக்கு வாய்க்கவில்லை.

அதே ஏழு நாளை மறுபடி எழுதிப் பார்த்தோம். வாயு எண்ணிக்கையைக் குறைக்காமல், சின்ன கார்ட்ரிட்ஜில் 0.15 வீதம் எடுப்பதாக வைத்தால் 21 முறைக்கும் 3.15 மி.லி. உயிர்வேதியியலும் பிலிருபினும் ஒரே குழாயில் 0.4 வீதம் நான்கு முறை, 1.6. ரத்த எண்ணிக்கை 0.3 வீதம் இரண்டு முறை, 0.6. ஐந்தாம் நாள் கல்ச்சர் 1. உறைதல் சோதனைக்குக் குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் 0.9. மொத்தம் 7.25 மி.லி., 9 சதவீதம். எடுத்ததால் மட்டும் ஹீமோகுளோபின் 14-ஐ ஒட்டி நின்றிருக்கும், இயல்பான அழிவையும் கழித்தால் 12 சொச்சம். எட்டாம் நாள் ஒப்புதல் கையெழுத்துக்கு அவசியம் வந்திருக்காது. உண்மையில் ரத்தக்கசிவு ஏதும் தெரியாத குழந்தைக்கு அந்த உறைதல் சோதனையே வேண்டியதில்லை என்பது என் கட்சி. சக டாக்டர் ஒருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

குறைக்கக் கூடாத இடம்

தாள் வந்த முதல் மாதத்தில் சிக்கனம் எல்லை மீறியது. கல்ச்சர் பாட்டிலில் 0.3 மி.லி. போட்டு அனுப்பினார்கள். பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் சில நேரம் ஒரு மி.லி.க்கு நான்கு கிருமிகூட இருக்காது. 0.3 மி.லி.யில் ஒன்றுகூட மாட்டாமல் போகலாம். 'வளரவில்லை' என்ற பதிலை நம்ப முடியாமல் ஆன்டிபயாடிக்கை நீட்டிப்போம், சோதனையைத் திரும்ப எடுப்போம். மிச்சம் பிடித்த 0.7 மி.லி. அங்கேயே போய்விடும். ஆகவே கல்ச்சருக்கு 1 மி.லி. என்பதில் கை வைப்பதில்லை.

உறைதல் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. கோட்டுக்குக் கீழே நிரப்பினால் ரத்தம் உறைய நேரமாவதாகப் பொய்யாகக் காட்டும். அளவைக் குறைக்க வேண்டுமானால் குழாயையே சின்னதாக மாற்ற வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவ ஹெப்பாரின் ஒட்டிய சிரிஞ்சில் 0.1 மி.லி. எடுத்தால் ஹெப்பாரின் ரத்தத்தை நீர்க்கச் செய்து கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் குறைந்து தெரியும். அதை நம்பி வென்டிலேட்டரைத் திருகியவர்களும் உண்டு. உலர் ஹெப்பாரின் பூசிய நுண்குழாய் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. குதிகாலை அழுத்திப் பிழிந்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் 7 என்று வரும், உறுதிசெய்ய மறுபடி குத்த வேண்டும். குதிகாலை முன்பே கதகதப்பாக்கி, தானாக வரும் சொட்டை வாங்கிக்கொண்டால் முதல் மாதிரியே போதும்.

பிறகு

குழந்தை பதினோராம் நாள் வென்டிலேட்டரிலிருந்து, மூக்கு வழியே காற்றழுத்தம் மட்டும் தரும் சி-பேப்புக்கு வந்தாள். முதல் வாரக் கணக்கையும் எழுதிச் சேர்த்த தாள் அன்றிலிருந்து தொட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. முதல் வாரத்தில் 29 மி.லி. கொடுத்தவளிடம் அடுத்த மூன்று வாரங்களில் எடுத்தது மொத்தம் 6.4 மி.லி. இன்னொரு முறை ரத்தம் ஏற்றவில்லை.

ரத்தத்தோடு இரும்பும் போயிருந்தது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு இருக்கிறது. 29 மி.லி.யோடு வெளியேறியது ஏறக்குறைய 13 மி.கி., ஏற்றிய ரத்தம் 9 மி.கி. அளவுக்குத் திருப்பிக் கொடுத்தது. தாயிடமிருந்து இரும்பு பெரும்பாலும் வந்து சேரும் கடைசி மூன்று மாதம் இவளுக்குக் கிடைக்கவே இல்லை. பால் முழுதாகத் தாங்கியதும் இரும்புச் சொட்டு மருந்தைத் தொடங்கினோம்.

கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆகி வீட்டுக்குப் போகும்போது ஹீமோகுளோபின் 9.1, ரெட்டிகுலோசைட் 6 சதவீதம். மஜ்ஜை விழித்துக்கொண்டது. அப்பா கடைசியாக ஒருமுறை கேட்டார்: "அன்னைக்கு ரத்தம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுதா டாக்டர்?" தொட்டிலிலிருந்து தாளைக் கழற்றி, முதல் பக்கத்தை அவரிடம் காட்டினேன். மேலிருந்து கீழே விரல் வைத்து வரிசையாகப் படித்தார். ஐந்தாம் நாளில் விரல் நின்றது. "இதென்ன, ஒரே டெஸ்ட் ரெண்டு தடவை?" என்றார். உறைந்துபோன குழாயைப் பற்றிச் சொன்னேன்.